சீனப் பட்டுக்கு ஒரு விலைக்கோடு

ஆடி பிறந்துவிட்டால் தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளில் தள்ளுபடிப் பலகைகள் ஏறிவிடும். கல்யாண முகூர்த்தம் இல்லாத மாதம். சரக்கு தேங்கினால் பணம் முடங்கும். அதனால் சில உருப்படிகள் அடக்க விலைக்கும் கீழே போகும். மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் இதை ஒரு குற்றமாக நினைப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரரும் வழக்குப் போடுவதில்லை. அவரும் தன் பலகையைத் தொங்கவிடுகிறார், அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சேலைக்குள் இருக்கும் நூலை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு மிக மலிவாக விற்றபோது புதுதில்லியில் விசாரணை நடந்தது. அரசிதழில் அறிவிக்கை வந்தது. கிலோவுக்கு இத்தனை டாலர் என்று ஒரு கோடு கிழிக்கப்பட்டு, அதற்குக் கீழே வரும் பட்டுக்கெல்லாம் தனி வரி போடப்பட்டது. 2003-இல் சீனக் கச்சாப் பட்டின் மீது இந்தியா விதித்த பொருள் குவிப்புத் தடுப்பு வரிதான் அது. மலிவாகக் கிடைப்பதை ஒரு நாடு ஏன் வேண்டாம் என்கிறது, வேண்டாம் என்று சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்ற இரண்டையும் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வழக்கு தமிழ் வாசகருக்குக் கிடைப்பது அரிது.

ஒரு தவறான எண்ணத்தை முதலில் களைந்துவிட வேண்டும். மலிவு வேறு, குவிப்பு வேறு. சீனத் தொழிற்சாலை நம்முடையதைவிடத் திறமையாக நூல் எடுத்து, அதனால் குறைந்த விலைக்கு விற்றால் அதில் குற்றம் ஏதுமில்லை. ஓர் ஏற்றுமதியாளர் தன் சொந்த நாட்டில் விற்கும் விலையைவிட, அல்லது சொந்த நாட்டு விலை சரியான அளவுகோல் ஆகாதபோது உற்பத்திச் செலவும் நியாயமான லாபமும் சேர்ந்த தொகையைவிட, குறைத்து இன்னொரு நாட்டில் விற்றால்தான் அது குவிப்பு. அதுவும் தன்னளவில் தடைசெய்யப்பட்டதல்ல. அதனால் இறக்குமதி செய்யும் நாட்டின் தொழிலுக்குக் கணிசமான பாதிப்பு ஏற்பட்டது, அந்தப் பாதிப்புக்கு இந்த இறக்குமதிதான் காரணம் என்று காட்டினால் மட்டுமே அந்த நாடு வரி போடலாம். கெட்ட எண்ணத்தோடு விற்றார்களா, போட்டியாளரை அழிக்க நினைத்தார்களா என்பதைச் சட்டம் கேட்பதே இல்லை. விலை வித்தியாசம், பாதிப்பு, இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பு: இவை மூன்றும் போதும்.

இந்த வகைச் சட்டத்தை முதலில் இயற்றியது கனடா, 1904-இல். 1947-இன் காட் உடன்படிக்கை அதன் ஆறாவது பிரிவில் இதற்கு இடம் கொடுத்தது. இந்தியாவில் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 9ஏ பிரிவும் 1995-இன் விதிகளும் இதற்கு அடிப்படை. முதல் விசாரணை 1992-இல்தான் தொடங்கியது. அதுவரை உயர்ந்த சுங்க வரியும் உரிமக் கட்டுப்பாடும் இருந்ததால் தேவைப்படவில்லை. அந்த மதில் இறங்க இறங்க, இந்தக் கருவியை உலகிலேயே அதிகம் கையாளும் நாடுகளில் ஒன்றாக இந்தியா மாறியது.

பட்டுக்கு வருவோம். ஒரு காஞ்சிபுரம் சேலைக்குப் பின்னால் நீண்ட சங்கிலி இருக்கிறது. மல்பெரி இலை பறித்துப் புழு வளர்க்கும் விவசாயி, கூடுகளை ஏலம் விடும் அங்காடி, கூட்டை வெந்நீரில் இட்டு இழையைப் பிரித்துச் சுற்றும் நூற்பாளர், அந்தக் கச்சாப் பட்டை முறுக்கேற்றுபவர், சாயம் போடுபவர், நெசவாளர், கடைசியில் கடை. இதில் விலை தீர்மானமாகும் இடம் கூட்டு அங்காடி. கர்நாடகத்தின் ராமநகரம் அவற்றில் மிகப் பெரியது. தமிழ்நாட்டில் தர்மபுரி அங்காடி பெயர்பெற்றது. ராமநகரத்தில் காலையில் என்ன விலை போகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஓசூர்ப் பக்கத்து விவசாயி அடுத்த முறை புழு வளர்ப்பதா, மல்பெரியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைப்பதா என்று யோசிப்பார்.

பட்டு உற்பத்தியில் இந்தியா உலகின் இரண்டாவது நாடு. அப்படிச் சொன்னால் பெருமையாக இருக்கும். ஆனால் முதல் நாடான சீனா பல மடங்கு முன்னே நிற்கிறது. நம் உற்பத்தி நம் சேலைகளுக்கே போதாது. எனவே இறக்குமதி எப்போதும் உண்டு. 2001 ஏப்ரலில், மிச்சமிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை இந்தியா நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2000-01-இல் ஏறத்தாழ 4,700 டன்னாக இருந்த கச்சாப் பட்டு இறக்குமதி, அடுத்த ஆண்டு 6,800 டன் ஆனது. 2002-03-இல் 9,000 டன்னைத் தொட்டது. உள்நாட்டு உற்பத்தியோ 17,300 டன்னிலிருந்து 16,300 டன்னாக இறங்கியது. இரண்டே ஆண்டுகளில் இறக்குமதி உள்நாட்டு உற்பத்தியின் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

வெறும் அளவு மட்டுமல்ல, தரமும் சேர்ந்து வந்தது. சீனாவில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் ஆண்டுக்கு இருதலைமுறை இனப் புழு. அதன் இழை நீளமானது, வெண்மையானது, தானியங்கி எந்திரத்தில் அறாமல் ஓடும். இந்தியாவில் அப்போது மிகுதியாக இருந்தது பலதலைமுறை இனமும் கலப்பினமும். வெப்பத்தைத் தாங்கும், ஆனால் இழை சீராக இராது. வேகமாக ஓடும் விசைத்தறியில் பாவு நூல் அடிக்கடி அறுந்தால் தறி நிற்கும், கூலி போகும். காசியின் விசைத்தறிக்காரர்கள் பாவுக்குச் சீன நூலை விரும்பியது விலைக்காக மட்டும் அல்ல. காஞ்சிபுரத்துக் கைத்தறி பெரும்பாலும் பெங்களூர்ப் பக்கத்து நூலையே நம்பியிருந்தது. ஆனாலும் அதற்கும் தப்பில்லை. சீன விலை இறங்கினால் ராமநகரம் இறங்கும், ஏறினால் ஏறும்.

விசாரணை நடத்தியது வர்த்தக அமைச்சகத்தின் குவிப்புத் தடுப்பு இயக்ககம் (2018 முதல் அதன் பெயர் வணிகத் தீர்வுகள் இயக்ககம்). அதன் முன் முதலில் எழும் கேள்வி, புகார் கொடுக்கும் தகுதி யாருக்கு என்பது. புகாரை ஆதரிப்பவர்களின் உற்பத்தி, கருத்துச் சொன்னவர்களின் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். உள்நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்குக்காவது குறையக் கூடாது. உருக்கு ஆலை என்றால் நான்கு கம்பெனிகள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பட்டு நூற்பவர்கள் சந்துகளிலும் கொட்டகைகளிலும் சர்க்காவும் உலைச் சட்டியும் வைத்துத் தொழில் செய்கிறவர்கள், ஆயிரக்கணக்கானவர்கள். கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் சிலரே. இப்படிச் சிதறிக் கிடக்கும் தொழில்களுக்காக, மாதிரி எடுத்துக் கணக்கிட உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கை ஓர் அடிக்குறிப்பில் வழிவிடுகிறது.

இன்னொரு சிக்கல் இதைவிட வினோதமானது. வரி போடப்படும் பொருள் கச்சாப் பட்டு. அதை உற்பத்தி செய்பவர் நூற்பாளர். மல்பெரி விவசாயி உற்பத்தி செய்வது கூடு. அது வேறு பொருள். எனவே யாருடைய கண்ணீருக்காக இந்த வரி கேட்கப்பட்டதோ, அவர் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்ட தொழிலில் சேரமாட்டார். நூற்பாளருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கூட்டு விலை வழியாக விவசாயிக்குக் கசிந்து வரும் என்பது நம்பிக்கை மட்டுமே. நூற்பாளருக்குக் கூடு மலிவாகக் கிடைத்தால் நல்லது என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்த நம்பிக்கையின் பலவீனம் தெரியும்.

அடுத்தது கணக்கு. இது நடந்த வழக்கின் கணக்கல்ல, முறையைக் காட்ட எடுத்துக்கொண்ட எண்கள். சீனாவில் ஒரு கிலோ கச்சாப் பட்டின் இயல்பு விலை 25 டாலர் என்றும், இந்தியாவுக்கு அனுப்பும் விலை 18 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 7 டாலர். இதுதான் குவிப்பின் அளவு. இப்போது இன்னொரு பக்கம்: இந்திய நூற்பாளர் தன் செலவை மீட்டு நியாயமான லாபம் பார்க்க வேண்டுமானால் 28 டாலர் கிடைக்க வேண்டும் என்று இயக்ககம் கணக்கிடுகிறது. சரக்கு 18 டாலருக்கு வந்திறங்கி, 30 சதவீதச் சுங்கமும் சேர்ந்தால் 23 டாலர் 40 சென்ட். 28-க்கும் இதற்கும் இடையே 4 டாலர் 60 சென்ட். இதுதான் பாதிப்பின் அளவு. இந்திய விதிப்படி இரண்டில் எது குறைவோ அதுதான் வரி. குவிப்பு 7 டாலர் என்றாலும், 4 டாலர் 60 சென்டே வசூலிக்கலாம். தண்டிப்பது நோக்கமல்ல, பள்ளத்தை நிரப்புவதே நோக்கம் என்பதுதான் இதன் தர்க்கம்.

கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அந்த 25 டாலர் எங்கிருந்து வந்தது? சீனாவைச் சந்தைப் பொருளாதாரமாகக் கருதாமல் இருக்க, அது அமைப்பில் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தமே மற்ற நாடுகளுக்கு இடம் கொடுத்தது. அங்கே நிலம், கடன், மின்சாரம் எல்லாவற்றிலும் அரசின் கை இருப்பதால் உள்நாட்டு விலையை நம்ப முடியாது என்பது வாதம். நம்பாவிட்டால் வேறு நாட்டின் விலையை எடுக்கலாம். அல்லது கிடைக்கும் தரவுகளை வைத்துச் செலவை ஊகித்துக் கட்டலாம். அப்படிக் கட்டும்போது, எந்திரமும் இனமும் தரும் உண்மையான திறமை எங்கே முடிகிறது, அரசின் தாங்கல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. சீன ஏற்றுமதியாளர் விற்றது நஷ்டத்துக்கா, நம்மைவிடக் குறைந்த செலவில் செய்ததாலா என்பது கடைசிவரை முழுதாகத் தெளியாத கேள்வி. வரி மட்டும் தெளிவான எண்ணாக வந்துவிடும்.

2003-இல் வந்த அந்த எண் கிலோவுக்குச் சுமார் 28 டாலர். 2ஏ தரமும் அதற்குக் கீழான தரமும் கொண்ட சீன மல்பெரிக் கச்சாப் பட்டு, சுங்கமும் சேர்த்து அந்த விலைக்குக் கீழே இறங்கினால், குறைகிற தொகை முழுவதும் வரி. அதாவது இது சதவீத வரியல்ல, விலைத் தளம். 22 டாலருக்கு இறங்கினால் 6 டாலர் வரி. 27-க்கு இறங்கினால் 1 டாலர். 28-ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை.

இந்த வடிவத்துக்கு நல்லது ஒன்றும் கெட்டது சிலவும் உண்டு. நல்லது, விலை உயர்ந்திருக்கும் காலத்தில் நெசவாளரைத் தேவையின்றி அழுத்தாது. கெட்டது, இறக்குமதியாளருக்குப் பொய் சொல்லத் தூண்டுதல் தருகிறது. வழக்கமாகச் சுங்கத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். இங்கே உயர்த்திக் காட்டினால் லாபம்: சுங்கம் சற்றுக் கூடினாலும் குவிப்பு வரி அதைவிட அதிகமாகக் குறையும். தரத்தை வைத்தும் விளையாடலாம். பட்டின் தரம் ஏ, 2ஏ, 3ஏ, 4ஏ என்று ஏறும்; இழையைக் கருப்புப் பலகையில் சுற்றி, ஒளியில் அதன் சீர்மையையும் முடிச்சுகளையும் பார்த்துத் தீர்மானிப்பது. பெட்டியின் மேல் 3ஏ என்று எழுதியிருந்தால், உள்ளே 2ஏ இருக்கிறதா என்று துறைமுகத்தில் ஒவ்வொரு சிப்பத்தையும் பலகையில் சுற்றிப் பார்க்க முடியாது.

வரி வந்த பிறகு இறக்குமதி குறைந்ததா? 2003-04-இல் அது 9,200 டன்னுக்கும் மேல். அடுத்த ஆண்டு 7,900. அதற்கடுத்த ஆண்டு மீண்டும் 8,400. விலைத் தளம் அளவைக் கட்டுப்படுத்தாது. நூலுக்கான பசி அப்படியே இருந்தது. வரி உண்மையில் செய்தது, அந்தப் பசியைத் தணிக்கும் விலையை உயர்த்தியதுதான்.

உயர்ந்த விலையைக் கொடுத்தவர்கள் நெசவாளர்கள். இங்கேதான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. நூல் ஒருவருக்கு விளைபொருள், இன்னொருவருக்குக் கச்சாப் பொருள். ராமநகரத்து நூற்பாளருக்கு ஆறுதல் தரும் அதே டாலர்தான் தறிக்காரர் பையிலிருந்து போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய வரி ஒட்டுமொத்த நலனுக்கு ஒத்துவருமா, வாங்குகிறவர்கள் பாதிக்கப்படுவார்களா என்று பார்த்த பிறகே விதிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இந்திய விதிகளில் அப்படிக் கட்டாயமான தனிச் சோதனை இல்லை. நெசவாளர் தரப்பு தன் வாதத்தைச் சொல்லலாம், இயக்ககம் பரிந்துரைத்த வரியைக் கடைசியில் நிதி அமைச்சகம் ஏற்கலாம் அல்லது விட்டுவிடலாம். வழக்குப் போடுகிறவர்களுக்கு வக்கீல் உண்டு. தறியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் இப்படி ஒரு விசாரணை நடப்பதே தெரியாது.

நூலுக்கு மட்டும் வரி போட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் ஊகித்துவிடலாம். சீனாவில் அதே நூலைத் துணியாக நெய்து அனுப்பினார்கள். துணிக்கு அந்த விலைக்கோடு கிடையாதே! இந்திய நெசவாளர் விலை ஏறிய நூலை வாங்கி, மலிவான நூலில் நெய்த சீனத் துணியோடு மோத வேண்டியதாயிற்று. எனவே 2006-இல், மீட்டருக்கு 20 முதல் 100 கிராம் எடையுள்ள சீனப் பட்டுத் துணிகளுக்கும் குவிப்பு வரி வந்தது. ஒரு கண்ணியைப் பாதுகாக்கப் போய் அடுத்த கண்ணிக்கும் பாதுகாப்பு தேட வேண்டி வந்தது. உருக்குக்கு வரி போட்டால் உருக்குச் சாமான் செய்பவர் வரி கேட்பதும், ரசாயனத்துக்குப் போட்டால் மருந்துக்காரர் முணுமுணுப்பதும் இதே கதைதான்.

தி.நகரில் சேலை வாங்குகிறவருக்கு இதில் எதுவும் தெரிய வழியில்லை. மத்திய பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த சில்க் மார்க் சீட்டு, இது சுத்தப் பட்டு என்று உறுதி தரும். அந்தப் பட்டு ராமநகரத்தில் சுற்றியதா, சீனாவின் ஜெஜியாங்கில் சுற்றியதா என்பது அதன் வேலையல்ல. காஞ்சிபுரம் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் வாங்குகிறவர் கேட்பது ஜரிகை அசலா, சாயம் நிற்குமா என்றுதான். பாவு எந்த நாட்டு நூல் என்று கேட்பவர் அபூர்வம்.

இத்தகைய வரிக்கு ஆயுள் ஐந்தாண்டு. அதற்குள் மறுஆய்வு செய்து, வரியை எடுத்தால் மீண்டும் குவிப்பு வரும் என்று காட்டினால் நீட்டலாம். பட்டுக்கு அப்படி நீட்டப்பட்டது. விலைக்கோடு 37 டாலருக்குச் சற்று மேலாக உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் உலகம் மாறியிருந்தது. சீனாவில் கூலி ஏறியது. பட்டுக்குப் பெயர்போன ஜியாங்சு, ஜெஜியாங் மாகாணங்கள் தொழிற்சாலைகளுக்கு நிலத்தைக் கொடுத்துவிட, மல்பெரி தெற்கே குவாங்ஷிக்கு இடம் பெயர்ந்தது. 2010-11 வாக்கில் சீனப் பட்டின் விலை அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போய்விட்டது. சட்டத்தில் வரி இருந்தது, துறைமுகத்தில் இல்லை.

அந்த நேரம் பார்த்து, நூல் விலை தாங்காத நெசவாளர்களுக்காக 2011 மத்திய பட்ஜெட் கச்சாப் பட்டின் சுங்க வரியை 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக வெட்டியது. ராமநகரத்தில் கூட்டு விலை சரிந்தது. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 2013-இல் சுங்கம் 15 சதவீதமாக ஏற்றப்பட்டது. 2015-இல் 10 ஆக இறங்கியது. 2021-இல் மீண்டும் 15. பத்தாண்டில் நான்கு முறை ஆடிய இந்தத் தராசில் ஒரு தட்டில் மல்பெரித் தோட்டம், இன்னொன்றில் தறி. குவிப்புத் தடுப்பு வரி பிறகு முடிவுக்கு வந்துவிட்டது. இப்போது காவல் காப்பது யார் குவித்தார், யார் குவிக்கவில்லை என்று பார்க்காத சாதாரணச் சுங்க வரிதான்.

இறக்குமதி உண்மையாகவே குறைந்தது சீன விலை கோட்டைத் தாண்டிய பிறகுதான்: 2013-14-இல் 3,300 டன்னுக்கும் கீழே, 2020-களின் தொடக்கத்தில் 2,000 டன்னுக்கும் கீழே. இதில் வரியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். சீன விலையும், இந்திய உற்பத்தி பெருகியதும் பெரிய காரணங்கள். ஜப்பானிய உதவியோடு 1991 முதல் நடந்த இருதலைமுறைப் பட்டுத் திட்டமும், மைசூர் ஆராய்ச்சி நிலையம் 1990-களில் தந்த புதிய கலப்பினங்களும், தனி வளர்ப்பு மனைகளும், தானியங்கி நூற்பு எந்திரங்களுக்குக் கிடைத்த மானியமும் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் பலன் கொடுத்தன. 2010-11-இல் ஆயிரத்துச் சொச்சம் டன்னாக இருந்த இருதலைமுறைப் பட்டு 2022-23-இல் ஏறத்தாழ 9,000 டன் ஆனது. உடுமலை, ஓசூர் வட்டாரங்களில் இன்று விளைவது பெரும்பாலும் இந்தப் பட்டுதான். விலைக்கோடு இந்த இடைவெளியில் மூச்சு விட அவகாசம் தந்தது என்று அதன் ஆதரவாளர்கள் வாதிடலாம். இறக்குமதி 8,000, 9,000 டன் என்று ஓடிய ஆண்டுகளில் அந்த மூச்சு எவ்வளவு ஆழமானது என்று எதிர்த் தரப்பு கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கே வலு அதிகம் என்று தோன்றுகிறது. வரி மட்டும் இருந்து, புழுவின் இனமும் நூற்பு எந்திரமும் மாறாமல் இருந்திருந்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே மனுவைத் தூசி தட்டிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

நெசவாளர் பக்கத்துக்கு வேறொரு வழி மெல்ல உருவாகியிருக்கிறது. கைத்தறிக்கான மத்திய அரசின் கச்சாப் பொருள் வழங்கல் திட்டத்தில், உள்நாட்டுப் பட்டு நூல் வாங்கும் கைத்தறி நெசவாளருக்கு 15 சதவீத விலைச் சலுகை உண்டு. குவிப்பு வரியில் உள்நாட்டு நூலைக் காப்பாற்றும் செலவைத் தறிக்காரர் தாங்கினார். இங்கே அதை அரசுக் கருவூலம் தாங்குகிறது. ஆனால் விசைத்தறிக்கு இந்தச் சலுகை கிடையாது. கைத்தறியிலும் ஒரு நெசவாளருக்கு இத்தனை நூல்தான் என்று வரம்பு உண்டு. காஞ்சிபுரத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் சேராமல் தனியார் முதலாளி கொடுக்கும் பாவை வாங்கி வீட்டில் நெய்து கூலி பெறுகிறவர் நூலைத் தன் பெயரில் வாங்குவதே இல்லை. அவருடைய கூலிச் சீட்டில் அந்த 15 சதவீதம் எந்த வரியிலும் தென்படாது.